பன்னிரண்டுக்கு ஒன்று: அந்த ஒன்று எங்கே போனது?

கேள்வி:

ஐயா, யாழ்ப்பாணத்தில் ஒரு நுகர்பொருள் கம்பனியின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். மே மாதம், அதாவது வைகாசியில், எங்கள் குளியல் சவர்க்காரத்துக்கு ஒரு ஸ்கீம் போனது: கடைக்காரர் ஒரே பில்லில் 12 கட்டி எடுத்தால் 1 கட்டி இலவசம். விநியோகஸ்தர் தன் இருப்பிலிருந்து இலவசத்தைக் கொடுத்துவிட்டு, மாத முடிவில் தான் வாங்கிய விலைக்கு, கட்டி 110 ரூபாப்படி எங்களிடம் கிளெய்ம் பண்ண வேண்டும். வலிகாமப் பக்க விநியோகஸ்தர் ஒருவர் 1,740 கட்டிக்கு அனுப்பியிருக்கிறார். அவருடைய ஆரம்ப இருப்பு 3,200, எங்களிடம் வாங்கியது 23,000, இறுதி இருப்பு என்று அவர் எழுதி அனுப்பியது 2,800. மொத்தம் 940 பில். றெப்பின் டேப்பில், அதாவது விற்பனைப் பிரதிநிதி பில் போடுகிற டேப்லெட்டில், இருப்பதும் கிளெய்மும் கட்டிக்குக் கட்டி ஒத்துப்போகின்றன. எல்லாத் தாளிலும் கடை முத்திரையும் கையெழுத்தும் உண்டு. "எல்லாம் சரியாத்தானே இருக்கு, ஏன் பிள்ளை இழுத்தடிக்கிறீர்?" என்று விற்பனை மனேஜர் கேட்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பிழை இதுதான் என்று காட்டவும் முடியவில்லை. இன்னொன்று, அந்த விநியோகஸ்தர் எனக்கு மாமா முறை. கோயில் தர்மகர்த்தா, ஊரில் மதிப்பான மனுசர். நான் என்ன செய்ய?

(உள்ளகக் கணக்காய்வு உத்தியோகத்தர், கோண்டாவில்)

பதில்:

பிள்ளை, கடைசியில் ஒதுக்கிச் சொன்னதை நான் முதலில் எடுக்கிறேன். அவர் உங்களுக்கு மாமா முறை என்பதை இன்றைக்கே உங்கள் பிரிவுத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் போதாது. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறைதான், அந்தக் கணக்கில் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் ஒருவரையும் கணக்காய்வு செய்ய முடியாது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முப்பது வருடம் முன்னர் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உங்கள் வீட்டுச் சடங்கில் முன்வரிசையில் இருக்கிறவருடைய கோப்பில் நீங்கள் "சரி" என்று எழுதினாலும் அதற்கு மதிப்பில்லை, "பிழை" என்று எழுதினாலும் அதற்கு மதிப்பில்லை. நீங்கள் தொடர்வதா, வேறொருவர் போவதா என்பதைத் தலைவர் தீர்மானிக்கட்டும். கீழே நான் சொல்வதை நீங்கள் செய்தாலும் சரி, உங்களிடத்துக்கு வருகிறவர் செய்தாலும் சரி, வேலை ஒன்றுதான்.

இனி அந்த 1,740க்கு வருவோம்.

ஒரு மாதத்தில் அவரிடமிருந்து வெளியே போன சவர்க்காரம் எவ்வளவு என்பதைக் காகிதம் எதுவும் இல்லாமலே கணக்கிடலாம். 3,200ஐயும் 23,000ஐயும் கூட்டி 2,800ஐக் கழித்தால் 23,400. விற்றதும் இலவசமாகக் கொடுத்ததும் இரண்டும் சேர்ந்துதான் இந்த 23,400. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: 23,400ஐ 12ஆல் பிரித்து, 1,950 வரை கிளெய்ம் போகலாம் என்று முடிவு கட்டுகிறார்கள். ஒவ்வொரு 12 விற்கும்போதும் 13 வெளியே போகிறது. ஆகவே பிரிக்க வேண்டியது 13ஆல். உச்சவரம்பு 1,800. அதற்கு மேலே ஒரு கட்டி கேட்டாலும் இருப்பு இடம் கொடுக்காது.

உங்கள் மாமா கேட்டது 1,740. வரம்புக்குள் இருக்கிறது. உங்கள் மனேஜர் சொல்வதும் இதைத்தான். ஆனால் வரம்புக்கு இவ்வளவு கிட்ட இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 1,740 இலவசம் என்றால் விற்றது 21,660. அந்த 1,740 இலவசத்துக்கும் 20,880 கட்டி முழு டசினாகப் போயிருக்க வேண்டும். 21,660இல் அதைக் கழித்தால் மிச்சம் 780. அதாவது டசினுக்குள் அடங்காமல், மூன்றாகவும் ஆறாகவும் எட்டாகவும் சில்லறையாகப் போனவை மாதம் முழுக்க, 940 பில்லிலும் சேர்த்து, வெறும் 780 கட்டிதான். ஒரு பில்லுக்கு ஒன்றுகூட வரவில்லை.

இதை வேறு விதமாகப் பாருங்கள். 130 கடைக்காரர் ஆளுக்கு ஆறு கட்டி எடுத்திருந்தாலே அந்த 780 முடிந்துவிடும். மற்ற 810 பில்லும் ஒன்றுகூடத் தவறாமல் 12, 24, 36 என்று நின்றிருக்க வேண்டும். சுன்னாகத்துக்கும் சங்கானைக்கும் உள்ளே இருக்கிற ஒழுங்கைகளில் சின்னக் கடைகள் எப்படிச் சாமான் எடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "ஆறு போடும் தம்பி, வாற கிழமை பாப்பம்" என்பதுதான் அங்கே வழக்கமான ஓடர்.

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. ஆறு எடுக்கிறவரைப் பன்னிரண்டு எடுக்க வைக்கத்தான் கம்பனி ஸ்கீமே போடுகிறது. நல்ல றெப் ஒருவன் "இன்னும் ஆறு எடுத்தா ஒண்டு சும்மா வரும் அண்ணை" என்று சொல்லி அதைச் சாதிப்பான். அதனால் ஸ்கீம் மாதத்தில் டசின் பில்கள் கூடுவது இயல்பு. எவ்வளவு கூடியது என்பதுதான் கேள்வி. டேப் தரவில் அந்தப் பொருளின் பில் வரிகளை மட்டும் எக்செலில் எடுத்து, D நிரலில் விற்ற எண்ணிக்கையை வைத்து இவை இரண்டையும் போடுங்கள்.

```
=SUMPRODUCT(INT(D2:D941/12))
=SUMPRODUCT(MOD(D2:D941,12))
```

முதலாவது விதிப்படி வரவேண்டிய இலவசம், இரண்டாவது டசினுக்கு வெளியே நின்ற சில்லறை. மே மாதத்துக்கு 1,740உம் 780உம் வரும், ஏனென்றால் டேப்பும் கிளெய்மும் ஒத்துப்போகின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள். இதே சூத்திரத்தை ஸ்கீம் இல்லாத பங்குனி, சித்திரை மாதங்களுக்கும் ஆனியின் முதல் இரண்டு கிழமைக்கும் போட்டுப் பாருங்கள். சித்திரையில் பில்லுக்குச் சராசரி நாலு கட்டி சில்லறையாக நின்று, மே மாதத்தில் அது ஒன்றுக்குக் கீழே வந்து, ஆனியில் திரும்பவும் நாலாகிவிட்டால், கடைக்காரருடைய பழக்கம் ஒரு மாதத்துக்கு மட்டும் மாறியது என்று ஆகும். அப்படி மாறுவது கடைக்காரர் குறைவு. பில் போடுகிற விரல்கள்தான் கூட. நல்லூர்த் திருவிழா மாதத்தோடு மட்டும் ஒப்பிட்டுவிடாதீர்கள். அப்போது எல்லாக் கடையும் உண்மையாகவே கூட எடுக்கும்.

டேப்பும் கிளெய்மும் ஒத்துப்போவதை நீங்கள் ஒரு ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் எழுதுகிறவர் ஒருவரே என்பதை மறந்துவிட்டீர்கள். றெப் பில்லை டேப்பில் போடுகிறான், அந்தப் பில்லிலிருந்துதான் கிளெய்ம் தாள் அச்சாகிறது. ஒரு ஊற்றிலிருந்து வந்த இரண்டு வாய்க்கால் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லாது. சாட்சி சொல்லக் கூடியவை இரண்டு: களஞ்சியத்தில் கிடக்கிற சவர்க்காரம், கடையில் இருக்கிற மனிதர்.

முதலில் களஞ்சியம். இறுதி இருப்பு 2,800 என்பது அவர் எழுதி அனுப்பியது. அதை யாரும் எண்ணவில்லை. எழுதுகிற இருப்பைக் குறைத்தால் வெளியே போனது கூடும், வரம்பும் தானாக உயரும். அந்த ஒரு எண்ணை அவர் கையில் விட்டுவிட்டு 13ஆல் பிரித்து என்ன பயன்? ஆகவே முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு காலை, வான்கள் வெளிக்கிட முன்னர் போய் எண்ணுங்கள். றாக்கையில் இருப்பதை மட்டும் எண்ணினால் போதாது. வானில் ஏற்றியிருப்பது, உடைந்த பெட்டி என்று ஒதுக்கியிருப்பது, பின்னறையில் வேறு கம்பனியின் பெட்டிகளுக்கு அடியில் கிடப்பது எல்லாம் சேர வேண்டும்.

உதாரணத்துக்கு ஆனி 12ஆம் திகதி காலை எண்ணியபோது 3,900 கட்டி இருக்கிறது என்று வைப்போம். ஆனி 1 முதல் 11 வரை கம்பனி அனுப்பியது 4,000. அதே நாட்களில் பில்படி வெளியே போனது 5,200. பின்னோக்கிப் போனால் வைகாசி 31இல் இருந்திருக்க வேண்டியது 3,900உடன் 5,200ஐக் கூட்டி 4,000ஐக் கழிக்க வருவது, அதாவது 5,100. அவர் எழுதியது 2,800. மே மாதத்தில் உண்மையாக வெளியே போனது 21,100 மட்டுமே, அதை 13ஆல் பிரிக்க 1,623. கேட்ட 1,740 இப்போது 117 கட்டி கூட. அதைவிடப் பெரிய விஷயம், 2,300 கட்டிக்குப் பில் விழுந்திருக்கிறது, சாமான் கதவைத் தாண்டவில்லை.

117 கட்டி என்றால் 12,870 ரூபாதான். இதைக் கொண்டுபோய் மனேஜர் முன் வைத்தால் சிரிப்பார். அந்தக் காசு இங்கே பெரிதில்லை. அந்த 2,300 கட்டிப் பில் ஏன் விழுந்தது என்று கேளுங்கள். றெப்புக்கு மாத இலக்கு கடைக்கு விற்றதை வைத்துத்தான். 31ஆம் திகதி இரவு இலக்கு எட்டவில்லை என்றால் டேப்பில் விரலால் எட்டிவிடலாம். விநியோகஸ்தருக்கோ காலாண்டு ஊக்கக் கொடுப்பனவு அவர் கம்பனியிடம் வாங்கியதை வைத்து. அவரும் தேவைக்கு மேலே ஏற்றிக்கொள்வார். ஒரு பொய்ப் பில் இரண்டு பேருடைய ஊக்கத்தொகையையும் ஒரு இலவசக் கிளெய்மையும் ஒரே இழுவையில் கொண்டுவருகிறது.

இந்தப் பின்னோக்கிய கணக்குக்கும் எல்லை உண்டு. ஆனியில் வெளியே போன 5,200 என்பதும் அதே டேப்பிலிருந்துதான் எடுக்கிறோம். அதிலும் பொய்ப் பில் இருந்தால் வைகாசி 31 இருப்பு உள்ளதைவிடக் கூடத் தெரியும், அவர்மேல் அநியாயமாகப் பழி விழும். மாறாக, வைகாசியில் பில் போட்ட சாமானை ஆனியில் பில் இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே எண்ணும் நாள் மாத முடிவுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. மாதக் கடைசி மாலையில் வாசலில் நிற்க முடிந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் கம்பனி முந்திய ஸ்கீம் ஒன்றின் கிளெய்மைக் காசாகக் கொடுக்காமல் சவர்க்காரமாகவே திருப்பி அனுப்பியிருந்தால், அந்தக் கட்டிகளும் 23,000இல் சேர்ந்திருக்க வேண்டும். விலை பூச்சியம் என்று போட்ட பில்களை நிதிப் பிரிவு கொள்வனவில் காட்டாமல் விட்டிருக்கலாம். நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல் ஒரு நேர்மையான மனிதரைக் கள்ளனாக்கப் பார்த்தேன். நல்ல காலம், வரைவு அறிக்கையோடு நின்றது.

ஆனால் எண்ணிப் பார்ப்பதால் பிடிபடாத களவு ஒன்று இருக்கிறது. சாமான் உண்மையாகவே வெளியே போகிறது, ஆனால் இலவசம் கடைக்காரர் கைக்குப் போகவில்லை. இரண்டு கடைக்காரர் ஆறு ஆறாக எடுத்ததை ஒரே கடையின் பேரில் பன்னிரண்டாகப் பில் போட்டு, வந்த ஒரு கட்டியை வானில் வைத்து விற்றுவிடலாம். இருப்பு சரியாக இருக்கும், 13ஆல் பிரித்தாலும் சரியாக வரும். இதைச் சொல்லக் கூடியவர் கடைக்காரர் மட்டும்தான்.

கடைக்குப் போக முன்னர் எந்தக் கடைக்கு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கடைக்கு ஒரு வரியாக, சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று நிரல் போடுங்கள். 0, 120, 0 என்று நிற்கிற கடைகள் உங்கள் கண்ணைக் குத்தும். 18, 240, 12 என்பதும் அப்படித்தான். அடுத்து பில் போட்ட நேரத்தைப் பாருங்கள். இரவு எட்டரைக்குப் பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று பதினைந்து கடைக்குப் பில் விழுந்திருந்தால் அது கடைவாசலில் போட்டதல்ல. நெடுந்தீவுக் கடைக்கு மதியம் ஒரு பில்லும் அதே றெப் அரை மணித்தியாலத்தில் மானிப்பாயில் இன்னொரு பில்லும் போட்டிருந்தால், நடுவில் குறிகட்டுவானிலிருந்து படகு ஓடுகிற நேரத்தை எங்கே ஒளித்தான் என்று கேட்கலாம். கடல் கொந்தளித்துப் படகு நின்ற நாளில் தீவுக் கடைகளுக்குப் பில் விழுந்திருந்தால் அதைவிட இலகு. ஒரே ஒரு எச்சரிக்கை: சிக்னல் இல்லாத இடத்தில் போட்ட பில் இரவில்தான் கம்பனிக்கு வந்து சேரும். வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்து யாரையும் மடக்காதீர்கள், டேப்பில் பில் உருவான நேரம் என்று வேறொரு நிரல் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனி முதல் கிழமைத் திருப்பல்களையும் மறக்காதீர்கள். வைகாசி 31இல் 120 கட்டி விற்று 10 கட்டி இலவசம் என்று பில். ஆனி 3இல் அதே கடையிலிருந்து 120 கட்டி "திருப்பி எடுத்தது" என்று ஒரு வரி. அந்த 10 எங்கே? 120 திரும்பினால் 10உம் திரும்ப வேண்டும். அநேகமான டேப் மென்பொருட்கள் இதைத் தாமாகக் கேட்பதில்லை. திருப்பல் வரிகளை ஸ்கீம் மாதப் பில் இலக்கங்களோடு பொருத்தினால் அரை நாளில் முடிகிற வேலை இது. எனக்குத் தெரிந்து, முழுப் பரீட்சையிலும் மிகக் குறைந்த உழைப்புக்கு மிகக் கூடிய பலன் தருவது இதுதான்.

இனி கடைக்காரர். "உங்களுக்கு இலவசம் தந்தவையா?" என்று கேட்டால் "ஓம், தந்தவை" என்றுதான் வரும். நாளைக்கும் அந்த வான் அவர் கடைக்கு வரவேண்டும், கடனுக்குச் சாமான் தரவேண்டும். உங்களுக்காக அவர் ஏன் அதைக் கெடுத்துக்கொள்வார்? சவர்க்காரம் ஒன்று வாங்குங்கள், காசு கொடுங்கள், பிறகு கதையுங்கள். போன மாதம் எத்தனை எடுத்தீர்கள், எவ்வளவு காசு கொடுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். சின்னக் கடைகளில் பில்களைக் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள், அதைக் காட்டச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். கடை விலை 120 என்றால் 12 கட்டிக்கு 1,440 கொடுத்து 13 எடுத்திருக்க வேண்டும். அவர் கையில் வந்தது 12 என்றால் நீங்கள் ஒரு வார்த்தைகூடக் குற்றமாகக் கேட்கத் தேவையில்லை, கணக்கே சொல்லிவிட்டது. சிலர் "சாமான் தரேல்லை, காசில கழிச்சவர்" என்பார்கள். அது களவாக இல்லாமல் இருக்கலாம். மொத்தக் கடைக்கு இலவசத்தைக் கழிவாக மாற்றிக் கொடுப்பது நடக்கிற விஷயம். ஆனால் உங்கள் ஸ்கீம் கடிதத்தில் அதற்கு இடமில்லை என்றால், அந்தக் குறைந்த விலைச் சாமான் கிளிநொச்சியில் இன்னொரு விநியோகஸ்தருடைய வழித்தடத்தில் போய் இறங்கும். அதைத் தனியாக எழுதுங்கள்.

முத்திரையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். றபர் முத்திரை வெட்டுவதற்கு நகரத்தில் அரை மணித்தியாலம் போதும். நான் ஒரு பிஸ்கட் கம்பனிக்கு வேலை செய்த காலத்தில், வலிகாமத்தில் ஒரு விநியோகஸ்தருடைய கந்தோரில் பேனை தேடி லாச்சியைத் திறந்தபோது உள்ளே பதினான்கு கடைகளின் முத்திரைகள் ஒரு பழைய ரின்னில் கிடந்தன. அதற்குப் பிறகு முத்திரையை நான் படிப்பதே வேறு விதம். நாற்பது தாளிலும் ஒரே ஊதா மை, ஒரே சாய்வு, ஒரே பேனையால் கையெழுத்து என்றால் அவை ஒரே மேசையில் ஒரே மூச்சில் குத்தப்பட்டவை. உண்மையான கடை முத்திரை பாதி அழிந்திருக்கும், எண்ணெய் பட்டிருக்கும், அநேகமாகத் தலைகீழாகவும் இருக்கும்.

அந்தப் பிஸ்கட் விஷயத்தில் 25 கடைக்குப் போனேன். பத்து, இலவசம் ஆகக் கூட வாங்கியதாகக் காட்டப்பட்டவை. பத்து, ஸ்கீம் மாதத்தில் மட்டும் உயிர்த்தெழுந்தவை. ஐந்து, வழியில் பட்டவை. ஒன்பது கடைக்கு முழுதாகக் கிடைத்திருந்தது. பதினொன்றுக்குப் பாதி கிடைத்தது அல்லது ஒன்றுமே கிடைக்கவில்லை. மூன்று பேர் அந்த மாதம் எங்கள் பிஸ்கட்டே எடுக்கவில்லை. இரண்டு கடை மூடிக் கிடந்தன, ஒன்றுக்குள் கோழி அடைத்திருந்தார்கள். என் மேலதிகாரி உடனே 25இல் 16 பிழை, ஆகவே முழுக் கிளெய்மில் 64 வீதம் பொய் என்று எழுதச் சொன்னார். எழுதவில்லை. சந்தேகமானவற்றைப் பார்த்துப் பொறுக்கிய கடைகளின் விகிதத்தை முழுக் கிளெய்முக்கும் நீட்டக் கூடாது. காசுக் கணக்கு வேண்டுமென்றால் முழுக் கடைப் பட்டியலிலிருந்தும் குலுக்கல் முறையில் தனியாக வேறு கடைகளை எடுக்க வேண்டும். பொறுக்கி எடுத்தவை என்ன நடந்தது என்பதைச் சொல்லும்; எவ்வளவு நடந்தது என்பதைக் குலுக்கி எடுத்தவைதான் சொல்லும்.

பிறகு அந்த விநியோகஸ்தரிடம் போனேன். அவரும் உங்கள் மாமாவைப் போல மதிப்பான மனிதர்தான். மறுக்கவில்லை. எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து என் முன்னால் போட்டார். எலி கடித்த பெட்டி, மழையில் நனைந்தது, திகதி முடிந்தது என்று எட்டு மாதமாகக் கம்பனிக்கு அனுப்பி, ஒன்றுக்கும் கிறெடிட் நோட் வராத கிளெய்ம்கள். நாலு இலட்சத்துக்கு மேலே. "தம்பி, நீங்கள் தராததைத்தான் நான் எடுத்தனான்" என்றார். "ஸ்கீம் கிளெய்ம் எண்டா ரெண்டு கிழமையில காசு வருது. டமேஜ் எண்டா ஒருத்தரும் போனும் எடுக்கினமில்லை. நான் பாங்குக்கு வட்டி கட்டிறன்."

அதைக் கேட்டுவிட்டு அவர் செய்தது சரி என்று நான் எழுதவில்லை. பொய்ப் பில் பொய்ப் பில்தான், அதில் அவருடைய வான் சேல்ஸ்மன் தன் பங்குக்கும் எடுத்திருந்தான், அது அவருக்கே தெரியாது. ஆனால் என் அறிக்கையில் இரண்டு கண்டறிதல் இருந்தது. ஒன்று அவருடைய கிளெய்ம். மற்றது எங்களுடைய நிலுவை. இரண்டாவதை எடுத்துவிடச் சொல்லி விற்பனைப் பிரிவு மட்டுமில்லை, நிதிப் பிரிவும் என்னை நெருக்கியது. அதைத் தீர்க்காமல் முதலாவதை மட்டும் நிறுத்தினால், அடுத்த ஸ்கீமில் அதே ஓட்டை வேறு பெயரில் திறக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே உங்கள் மாமாவின் கோப்போடு சேர்த்து, அவருக்குக் கம்பனி தரவேண்டிய எல்லாக் கிளெய்மையும் வயதுவாரியாக எடுங்கள்: 30 நாள், 60 நாள், 90க்கு மேலே. இந்தப் பட்டியலை நிதிப் பிரிவிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர்களிடம் பதிவான கிளெய்ம்தான் இருக்கும். ஏரியா மனேஜரின் பையில் கிடக்கிறவை விநியோகஸ்தருடைய கோப்பில்தான் தெரியும்.

அந்த 1,740ஐ நிதிப் பிரிவு எந்தக் கணக்கில் போடுகிறது என்றும் ஒருதரம் பாருங்கள். விளம்பரச் செலவில் போட்டிருந்தால் அது பிழை. வருமானம் பற்றிய இலங்கைக் கணக்கீட்டு நியமமான SLFRS 15இன் படி, வாங்குகிறவருக்கோ அவரிடம் வாங்குகிறவருக்கோ கொடுக்கிற இப்படியான சலுகை, அவர்கள் நமக்கு வேறொரு தனிச் சேவை செய்து அதற்கான விலையாக இருந்தாலன்றி, விற்பனை வருமானத்திலிருந்து கழிய வேண்டும். வெறும் வகைப்படுத்தல்தானே என்று விட்டுவிடுவார்கள். ஆனால் விளம்பரச் செலவில் புதைந்து கிடக்கும்வரை, கட்டி ஒன்றுக்கு உண்மையில் என்ன விலை கிடைத்தது என்று விற்பனை மனேஜர் ஒருநாளும் பார்க்க வேண்டி வராது.

எழுதும்போது "மோசடி" என்ற சொல்லைப் போடாதீர்கள். மனதில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அதை முடிவு செய்வதும் உங்கள் வேலை இல்லை. எண்ணியபின் நான் சொன்ன உதாரண எண்களே வந்தால் இப்படி எழுதலாம்: "வைகாசி மாத ஸ்கீமுக்கு 1,740 கட்டி கோரப்பட்டுள்ளது. ஆனி 12இல் எண்ணிய இருப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதில் அம்மாதம் வெளியேறியது 21,100 கட்டி. அதற்கு விதிப்படி அதிகபட்சம் 1,623 கட்டி இலவசம் வழங்கியிருக்கலாம். 2,300 கட்டிக்குரிய பில்கள் சாமான் வெளியேறாமல் பதியப்பட்டுள்ளன. நேரில் பார்த்த கடைகளின் விபரம் இணைப்பில்." இவ்வளவும் போதும். எவரும் இதை மறுக்க வேண்டுமானால் ஒரு எண்ணைப் பிழை என்று காட்ட வேண்டும். அனுப்ப முன்னர் வரைவை விநியோகஸ்தரிடம் காட்டி அவருடைய விளக்கத்தை எழுத்தில் வாங்குங்கள். கிளெய்மை முழுதாகப் பிடித்து வைக்கவும் வேண்டாம். சந்தேகமில்லாத பகுதியைக் கொடுக்கச் சொல்லி, மற்றதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்களே அவருடைய தடித்த கோப்புக்கு இன்னொரு தாள் சேர்த்தவர் ஆவீர்கள்.

அடுத்த ஸ்கீமுக்கு விற்பனைப் பிரிவிடம் கேட்க வேண்டியவை இவை. இலவசக் கட்டி கடைக்காரருடைய அதே பில்லில் தனி வரியாக, விலை பூச்சியம் என்று அச்சாக வேண்டும். பில் போட்டவுடன் கடைக்காரருடைய கைத்தொலைபேசிக்கு எத்தனை விற்றது, எத்தனை இலவசம் என்று குறுஞ்செய்தி போக வேண்டும். இலக்கம் பதியாத கடைக்கு ஸ்கீம் இல்லை. கடைக்காரருடைய இலக்கங்களை றெப் எடுத்துத் தரக் கூடாது, ஒரே இலக்கத்தை இருபது கடைக்குப் போட்டுவிடுவான். அதை வேறொருவர் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

எண்ணப் போகிற காலையில் அவர் தேத்தண்ணி தந்தால் குடியுங்கள், மறுத்தால்தான் மனக்கசப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் இருக்க வேண்டாம். வானில் ஏற்றியிருக்கிற பெட்டிகளை எண்ணி முடிக்கிறவரை சேல்ஸ்மனை வெளிக்கிட விடாதீர்கள்.